ஆறரை மணிக்குத் திறக்கும் கிளினிக்: மெடிக்கல் ரெப்பின் வீட்டு நேரம் எங்கே போகிறது?

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். இரண்டாவது மாடி அறை, இரவு பத்தே முக்கால். மறுநாளைக்கு வேண்டிய ஒரே சட்டையைத் துவைத்து ஃபேனுக்கு நேரே நாற்காலியில் விரித்திருக்கிறேன். கட்டிலில் பை, டேப்லெட், பாதி சாப்பிட்ட பரோட்டா பொட்டலம். வீட்டுக்குப் போன் போட்டால் மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறாள்: "இப்பத்தான் தூங்குச்சு. ஒம்பதரை வரைக்கும் அப்பா போன் வரும்னு உக்காந்திருந்துச்சு." ஒன்பதரைக்கு நான் ஒரு குழந்தைகள் டாக்டரின் கிளினிக் வாசலில், இன்னும் நான்கு பேஷன்ட் போகட்டும் என்று கம்பவுண்டர் கைகாட்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மதுரையை ஹெட்குவார்ட்டர்ஸாக வைத்துப் பதினொரு வருடம் ரெப்பாக வேலை பார்த்தவன் நான். ஊர் சுற்றுகிற வேலை, அதனால் களைப்பு என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மதுரையிலிருந்து தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், காரைக்குடி எண்பத்தைந்து, ராமநாதபுரம் நூற்றுப் பதினைந்து. இந்தத் தூரம் எதுவும் ஒரு மனிதனை உருக்குலைத்துவிடாது. லாரி டிரைவர் ஒரே ராத்திரியில் இதைப்போல ஐந்து மடங்கு ஓட்டுகிறார். ரெப்பைத் தேய்ப்பது அவருடைய நாள் வெட்டுப்பட்டிருக்கும் விதம். அது எப்படி வெட்டுப்படுகிறது என்பதைத் தொழிலுக்குள் இருக்கிறவர்களே பெரும்பாலும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில்லை.

ஒரு நடுத்தரக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ரெப்பின் லிஸ்டில் 160 டாக்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 80 பேரை மாதம் ஒரு முறையும், நம் மருந்தை நிறைய எழுதக்கூடிய மீதி 80 பேரை மாதம் இரண்டு முறையும் பார்க்க வேண்டும். மொத்தம் 240 சந்திப்பு. நாளைக்குப் பத்து டாக்டர் கால் என்றால் 24 நாள் வேலை. முப்பது நாள் மாதத்தில் நாலைந்து ஞாயிறு போனால் மிச்சம் இருபத்தைந்தோ இருபத்தாறோதான். அதில் ஒரு நாள் மீட்டிங்குக்குப் போகும், ஒரு நாள் பண்டிகை விடுமுறையில் போகும். கையில் நிற்பது 23 நாள், மிஞ்சிப்போனால் அந்த 24. காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தால் அந்த இருபது சந்திப்பும் மறைந்துவிடாது. அடுத்த பத்து நாளும் தினமும் பன்னிரண்டு கால் பார்த்து அதை ஈடுகட்ட வேண்டும்.

பத்து டாக்டரைப் பார்ப்பது பெரிய வேலையா என்று தோன்றலாம். பேசுவது கொஞ்ச நேரம்தான். ஒரு டாக்டர் முன்னால் நிற்கக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், ஆக நாள் முழுக்கப் பேசியது அரை மணி நேரம். காத்திருப்பது ஐந்தாறு மணி நேரம். அந்தக் காத்திருப்பும் ஒரே மூச்சில் வருவதில்லை. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரம் போக மற்ற நேரத்தில் தனியாகக் கிளினிக் நடத்த அனுமதி உண்டு. சிறிய ஊர்களில் நல்ல கூட்டம் வரும் டாக்டர் பலர் காலையில் ஜி.ஹெச்.சில் இருப்பார்கள், மாலையில் சொந்தக் கிளினிக் திறப்பார்கள். தனியார் டாக்டர்களும் மதியம் ஒரு மணிக்கு எழுந்தால் மறுபடி உட்காருவது சாயங்காலம் ஆறு, ஆறரைக்குத்தான். ஆகவே ரெப்புக்குக் காலையில் பத்திலிருந்து ஒன்றரை வரை ஒரு துண்டு, மாலை ஆறரையிலிருந்து பத்து வரை இன்னொரு துண்டு. நடுவில் ஐந்து மணி நேரம் எதற்கும் உதவாத வெயில்.

இதில் முக்கியமானது இரண்டாவது துண்டு. பத்துக் காலில் ஐந்தாறு அந்த மாலையில்தான் விழும், அதிலும் எழுதக்கூடிய டாக்டர்கள் அங்கேதான் இருப்பார்கள். சில டாக்டர்கள் பேஷன்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் ரெப்பைக் கூப்பிடுவார்கள், அது ஒன்பதரைக்கும் ஆகும், பத்தேகாலுக்கும் ஆகும். வீட்டில் பிள்ளை பள்ளிவிட்டு வந்து, வீட்டுப்பாடம் எழுதி, சாப்பிட்டு, தூங்கப் போகும் நேரம் எதுவோ அதே நேரம்தான் இது. வெளியூர் போகாமல் மதுரைக்குள்ளேயே வேலை பார்க்கும் நாளில்கூட நான் என் மகளை முழித்த நிலையில் பார்த்தது காலை ஏழிலிருந்து எட்டே கால் வரைதான். மதியம் இரண்டு மணிக்கு நான் வீட்டில் இருப்பேன், அவள் பள்ளியில் இருப்பாள். வெளியூர் ராத்திரிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த இழப்பு கணக்கிலேயே வராது.

இனி வெளியூர். ரெப்பின் ஊர்கள் மூன்று வகை. ஹெட்குவார்ட்டர்ஸ், போய்விட்டு அன்றே திரும்பும் எக்ஸ் ஸ்டேஷன், ராத்தங்கும் அவுட் ஸ்டேஷன். மதுரை ரெப்புக்கு மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி எல்லாம் எக்ஸ். தேனி, போடி, கம்பம் அவுட். ஒவ்வொரு வகைக்கும் தினப்படி வேறு. எந்த ஊர் எந்த வகை என்பது கம்பெனி கொடுக்கும் ஃபேர் சார்ட்டில் இருக்கும். காகிதத்தில் இது வெறும் படிக்கணக்கு. உண்மையில் ரெப் எங்கே தூங்குகிறார் என்பதை முடிவு செய்வது இந்த ஒரு பத்திதான்.

தேனி டூர் ஒன்றைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு ஆரப்பாளையத்தில் பஸ். ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கியதும் கானாவிலக்கு, அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. முடிந்து டாக்டர்கள் வெளியே வரும்போது நாலு பேரைப் பார்த்தால் மணி ஒன்றரை. தேனிக்குப் போய்ச் சாப்பாடு. ஸ்டாக்கிஸ்ட் கடை மதியம் மூடியிருக்கும், நாலு மணிக்குத் திறந்தால் ஸ்டாக் எவ்வளவு நிற்கிறது, எது நகரவில்லை என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மெடிக்கல் ஷாப்பில் தலைகாட்டி, ஆறரைக்கு முதல் கிளினிக். பத்து மணிக்குக் கடைசி. புதன் காலை சின்னமனூர், உத்தமபாளையம், மாலை கம்பம். வியாழன் காலை பெரியகுளம், மாலை போடி. அன்று பத்து மணிக்குப் போடியில் முடித்துத் தேனி வந்து மதுரை பஸ் பிடித்தால் வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒன்றாகிவிடும். வெள்ளி காலை பத்துக்கு மதுரையில் முதல் கால்.

மதுரை–போடி ரயில் பாதை அகலமாகி 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் வண்டி ஓடத் தொடங்கியபோது எங்கள் ஆட்கள் மிகவும் சந்தோஷப்பட்டார்கள். மாலை ஆறு மணிவாக்கில் திரும்பும் அந்த வண்டி பள்ளி, கல்லூரி, அலுவலகம் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ரெப்புக்கு அது கிளம்புகிற நேரத்தில்தான் கிளினிக் திறக்கிறது.

இப்போது படிக்கணக்கின் உள்விவகாரம். ஒரு கம்பெனியில் அவுட் ஸ்டேஷன் படி 800 ரூபாய், எக்ஸ் படி 400 என்று வையுங்கள். எண்ணூறில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, உள்ளூர் ஆட்டோ எல்லாம் அடங்க வேண்டும். தனி அறை எடுத்தால் கையிலிருந்து போகும். அதனால் வேறு கம்பெனி ரெப் ஒருவரோடு சேர்ந்து டபுள் ரூம் எடுப்பது வழக்கம். வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் ரெப்புக்கு ஒரு தனி ரேட்டும் இருக்கும். இது நல்ல தோழமையைத் தந்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பன்னிரண்டு மணிவரை ரிப்போர்ட் போட்டுக்கொண்டிருந்தால் நமக்கும் தூக்கம் பன்னிரண்டுக்குத்தான். மாதச் சம்பளம் பற்றாத இளைஞர்கள் இன்னொன்று செய்கிறார்கள். அவுட் ஸ்டேஷன் என்று டூர் போட்டுவிட்டு இரவோடு இரவாக பைக்கில் வீட்டுக்கு வந்து, விடிகாலையில் மறுபடி கிளம்புகிறார்கள். தங்கும் செலவு மிச்சம், வீட்டிலும் தூங்கியதாயிற்று என்பது கணக்கு. கம்பெனிகளும் தங்கள் பக்கம் இதையே செய்வதுண்டு. ரோடு நன்றாகிவிட்டது என்று சொல்லி அவுட் ஸ்டேஷனாக இருந்த ஊரை எக்ஸ் ஆக்கிவிடுவார்கள். படி பாதியாகும். கிளினிக் முடியும் நேரம் மட்டும் மாறாது. இரண்டு வழியிலும் விளைவு ஒன்றுதான்: பதினாறு மணி நேரம் முழித்த மனிதன் ராத்திரி பதினொரு மணிக்குக் கணவாய் ரோட்டில் பைக் ஓட்டுகிறான். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படித்தான் விழுந்தார்கள். ஒருவர் மறுபடி ஃபீல்டுக்கு வரவில்லை.

லாட்ஜில் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கிய மாதிரி இல்லை என்று எல்லா ரெப்பும் சொல்வார்கள். மெத்தை சரியில்லை, கொசு, பஸ் ஹாரன் என்று காரணம் சொல்லிக்கொள்வோம். அதற்குக் கீழே உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. புது இடத்தில் முதல் ராத்திரி படுக்கும்போது மூளையின் ஒரு பாதி மற்ற பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, சத்தத்துக்குக் காவல் காப்பதுபோல அரைவிழிப்பில் இருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து தங்கினால் இது அடங்கிவிடுகிறது. செவ்வாய் தேனி, புதன் கம்பம், அடுத்த வாரம் பரமக்குடி என்று போகிறவருக்கு ஒவ்வொன்றும் முதல் ராத்திரி. பழகிவிட்டது என்று நாம் நினைப்பது வாயளவில்தான். இதை வைத்தே நான் பிற்பாடு ஒரு மாற்றம் செய்தேன். கம்பத்தில் தங்காமல் இரண்டு ராத்திரியும் தேனியில் அதே லாட்ஜ், முடிந்தால் அதே அறை. கம்பத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்புவது கூடுதல் அலைச்சல்தான், ஆனாலும் இரண்டாம் ராத்திரித் தூக்கம் எனக்குத் தெளிவாகத் தேறியது.

மாதத்தில் எத்தனை ராத்திரி வெளியே இருந்தால் உடம்பு காட்டத் தொடங்கும் என்பதற்கும் ஓரளவு விடை உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடல் பரிசோதனைப் பதிவுகளைப் பார்த்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் ஒன்றிலிருந்து ஆறு ராத்திரி வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட்டால், பதினான்கோ அதற்கு மேலோ இருப்பவர்களிடம் தூக்கக் கோளாறு, பதற்றம், மனச்சோர்வு, புகைப்பழக்கம் எல்லாம் கூடுதலாக இருந்தன. அது அமெரிக்க ஊழியர்களின் கணக்கு. பஸ்ஸும் பைக்குமாக அலைகிறவர்களுக்கு அந்தப் பதினான்கை அப்படியே எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள முடியாது, அதைவிட முன்னதாகவே உடம்பு தளரும் என்பது என் எண்ணம். சாதாரண ரெப்புக்கு மாதம் எட்டு முதல் பத்து ராத்திரி வெளியே போகும். நாலைந்து ஹெட்குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஏரியா மேனேஜருக்கு அது சுலபமாகப் பதினைந்தைத் தாண்டும். ரெப்பைத் துரத்துகிறார் என்று நாம் கோபப்படும் அந்த மனிதர் நம்மைவிட அதிகமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறார்.

முன்பெல்லாம் இந்தக் கெடுபிடிக்குள் ஒரு சிறு சந்து இருந்தது. டி.சி.ஆர். என்னும் தினசரி ரிப்போர்ட் காகிதத்தில் இருந்த காலத்தில், பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா அன்று மாலை நாலு சந்திப்பை விட்டுவிட்டு, அடுத்த நாள் காலையில் அந்த நாலு பேரையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். வேலை ஒன்றும் குறையாது, தேதிதான் மாறும். இப்போது ரிப்போர்ட் செல்போன் ஆப்பில் போடப்படுகிறது. கிளினிக் வாசலில் நின்றுதான் சந்திப்பைப் பதிவு செய்ய வேண்டும், இடம் பொருந்தாவிட்டால் ஏற்காது, ஒன்றிரண்டு நாளில் பதிவும் மூடிவிடும். கண்காணிப்பு என்ற கோணத்தில் இதைப் பற்றிச் சங்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. குடும்பத்தின் கோணத்தில் பார்த்தால், வேலையைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் நகர்த்திக்கொள்ளும் சுதந்திரம் போய்விட்டது. என்னைக் கேட்டால் கடந்த பதினைந்து வருடத்தில் ரெப்பின் வீட்டைப் பலமாகப் பாதித்தது டார்கெட் உயர்ந்ததைவிட இதுதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பார்கள். மெடிக்கல் ரெப் தொழிலாளி அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, நீண்ட போராட்டத்தின் பலனாக 1976-ல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. நியமனக் கடிதம், போனஸ், கிராஜுவிட்டி, நஷ்டஈடு எல்லாம் அதன் வழியாகவே நமக்குக் கிடைத்தன. பணியில் இருந்த நாளில் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முழுச் சம்பளத்தோடு ஈட்டிய விடுப்பு, சேவைக் காலத்தில் பதினெட்டில் ஒரு பங்கு அரைச் சம்பள மருத்துவ விடுப்பு என்று அது வரையறுத்தது. இப்போது அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. பதினொன்றில் ஒரு பங்கு என்பது கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு மாதம். நல்ல விடுப்புதான். ஆனால் 1976-ன் சட்டம் ஒரு நாளின் வேலை எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று சொல்லவே இல்லை. வேலை விதிகளைச் சட்டமாக்கு என்று சங்கங்கள் பல வருடமாகக் கேட்டு வருவது இதனால்தான். விடுப்பு எடுத்தாலும் முன்னால் சொன்ன அந்த 240 அப்படியே நிற்கிறது. நான்கு நாள் லீவு கேட்டால் மேனேஜர் மறுப்பதில்லை. "எடுத்துக்கப்பா, கவரேஜ் மட்டும் குறையாம பாத்துக்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் லீவு கடனாக மாறிவிடுகிறது.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் களைப்பு என்று நாம் உணர்வதற்கு வெகு முன்பே வீட்டில் தெரிந்துவிடும். சண்டை வந்தால் இன்னும் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அர்த்தம், அது பரவாயில்லை. "எப்பப்பா வருவ" என்று பிள்ளை கேட்பது நிற்கும்போதுதான் கவனிக்க வேண்டும். என் மகளுக்கு ஏழு வயதில் அது நின்றது. கேஸ் தீர்ந்தது, டியூஷன் மாற்றியது, மாமனாருக்குச் சர்க்கரை ஏறியது எல்லாம் நடந்து முடிந்த செய்தியாகவே என்னிடம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன், ஆனால் செலவுக் கணக்கும், அடுத்த மாத டூர் ப்ரோக்ராமும், மாதக் கடைசி என்றால் ஸ்டாக்கிஸ்டிடம் கெஞ்சிப் போடும் குளோசிங் ஆர்டரும் மடியில் இருக்கும். ஒரு ஞாயிறு கறி எடுத்துவந்து சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா ஊருக்குப் போனப்புறம் நாம கேரம் ஆடலாம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். நான் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு ரெப் தன்னளவில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமும் டூர் ப்ரோக்ராம் போடும் இடத்தில்தான் இருக்கிறது. மாதத்தின் இருபதாம் தேதிக்கு மேல் அடுத்த மாத டி.பி. கொடுக்க வேண்டும். மேனேஜர் ஒப்புதல் கொடுத்தபின் மாற்றுவது கஷ்டம், அதற்கு முன் எல்லாமே நம் பேனாவில் இருக்கிறது. நாங்கள் வழக்கமாக டாக்டர் லிஸ்டை முதலில் எடுத்து ஊர்களைப் போடுவோம், வீட்டு விசேஷத்தை மிச்சம் இருக்கும் கட்டத்தில் தேடுவோம். மிச்சம் இருக்காது. நான் அதைத் தலைகீழாக்கினேன். வாரத்தில் ஒரு மாலையை, எனக்கு அது புதன், ஐந்து மணிக்கு முடிகிற மாதிரி வைத்தேன். அதற்காகக் காலை ஏழரைக்கே ரெப்பைப் பார்க்கும் டாக்டர்கள் யார், ஆஸ்பத்திரி ரவுண்ட்ஸ் நேரத்தில் பார்ப்பவர்கள் யார் என்று லிஸ்டில் தேடினேன். பதினான்கு பேர் தேறினார்கள். அவர்களை எல்லாம் புதனில் கட்டினேன். மொத்த கால் எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை, அதனால் மேனேஜர் கேட்கவும் இல்லை. தேனி டூர் செவ்வாயிலிருந்து வியாழன், வெள்ளி, சனிக்கு நகர்ந்தது. இதில் ஒரு நஷ்டம் உண்டு: சனி இரவு வீடு வந்து ஞாயிறு பாதி தூக்கத்தில் போய்விடும். எல்லாருக்கும் இது சரிவராது. மாலையில் மட்டுமே உட்காரும் தோல், பல், குழந்தை டாக்டர்களே அதிகமாக இருக்கும் லிஸ்டில் பதினான்கு பேர் தேறமாட்டார்கள்.

ஆனால் புதன் என்று நாள் குறித்தது வேலை செய்தது. மாதத்தில் எத்தனை மணி நேரம் வீட்டில் இருந்தேன் என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. எந்த நாள் இருப்பேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது மாதம் டி.பி. போட உட்கார்ந்தபோது மகள் காலண்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். புதன்கிழமைகளை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அதோடு பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வட்டம் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி, சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றாள். போடி டூரை இருபத்தைந்தாம் தேதிக்குத் தள்ளி எழுதினேன்.